சாம்பார் என்றால் மான்

அவளை அலுவலகத்தில் எல்லோரும் அகராதி என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு முன்னால் அகராதி அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் அகராதி. அந்தச் சொல்லுக்கு நம் ஆட்களிடம் இரண்டு அர்த்தம் உண்டென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொருள் சொல்கிற தடித்த புத்தகம் ஒன்று. "அவளுக்கு ரொம்ப அகராதி" என்று உதட்டைச் சுழிக்கிறோமே, அது இன்னொன்று. எந்த அர்த்தத்தில் கூப்பிடுகிறார்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. இரண்டும் தனக்குப் பொருந்தும் என்று அவளுக்கே தெரியும்.

செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. அதுதான் மொழிபெயர்ப்பு அலுவலகம். பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, விவாகரத்துத் தீர்ப்பு, பள்ளி மதிப்பெண் என்று தமிழில் வருகிற தாள்களை, நம் ஆட்கள் குடியேறிய அந்த நாட்டின் அரசாங்க மொழிக்கு மாற்றி, கீழே வட்ட முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். முத்திரைக்குள் ஓர் எண் இருக்கும். அவளுடையது பதினேழு. முப்பத்தொரு வருடம் பதினேழு பதினேழு என்று குத்தியதில் வலது கைக் கட்டைவிரலடியில் ஒரு காய்ப்பு விழுந்திருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அவளிடம் சொத்து என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்தக் காய்ப்பும், ஒரு அலமாரி அகராதிகளும்தான். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், "பொருத்தமான சொல் கிடைக்கலை" என்பாள். இருபது வருடமாக அதே பதில். கேட்கிறவர்களுக்கும் சலித்துப்போய்க் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

ஒரு சொல் அவள் காதில் விழுந்தால் அது எங்கே பிறந்தது, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காமல் விடமாட்டாள். தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் ஒருமுறை குஸ்கா கேட்டுவிட்டு, பரிமாறுகிறவரைப் பிடித்துக்கொண்டாள். குஸ்கா என்பது பாரசீகச் சொல், அதற்கு 'காய்ந்தது' என்று அர்த்தம், அங்கே வெறும் சோற்றுக்குத்தான் அந்தப் பேர், இங்கே வந்து கறியில்லாத பிரியாணிக்கு ஆகிவிட்டது என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அந்த மனிதர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "காஞ்சதுன்னா அப்ப சால்னா ஊத்த வேணாமாக்கா?" என்றார். கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள் என்று சொல்லத்தான் ஆசை. சிரிக்கவில்லை, சால்னாவும் உருது வழியாக வந்ததுதான் என்று ஆரம்பித்தாள்.

அதெல்லாம் தெம்பு இருந்த காலம். கடைசி நாலைந்து வருடமாக அவளுக்கு எதிலும் அலுப்பு. காலையில் படியேறும்போதே அலுப்பு. தாள்கள் மட்டும் குறையவில்லை.

அவளுக்கு ஒரு தங்கை, எட்டு வயது இளையவள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை பார்த்துப் பார்த்து முழங்கால் தேய்ந்துபோனவள். இனி குனிந்தால் நிமிர முடியாது என்று மருத்துவர் சொன்ன பிறகு, கார் கழுவும் இடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, பொடி அரைத்து விற்க ஆரம்பித்தாள். மல்லி, மிளகாய், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுப்பாள். வெந்தயம் ஒரு நொடி கூடினாலும் கசந்துவிடும் என்று அடுப்பை விட்டு நகரமாட்டாள். மஞ்சளும் பெருங்காயமும் கடைசியில். கூடவே ஒரு பிரியாணி மசாலாவும் போட்டாள். பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ, பிரிஞ்சி இலை. கைராசிக்காரி. ஊரில் நம் ஆட்கள் இருக்கிற வீடுகளில் எல்லாம் அந்தப் பொடி நுழைந்துவிட்டது.

தங்கையின் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு ரேடியோ என்று பேர். போட்டால் பாடும், நிறுத்துகிற பொத்தான் மட்டும் கிடையாது. கெட்ட மனிதர் இல்லை. பெண்டாட்டி வறுக்க, இவர் பொட்டலம் கட்டுவார், கட்டிக்கொண்டே கதை அளப்பார். பாக்கெட் அச்சடிக்கும் வேலையை அவரிடம் விட்டதுதான் தப்பாகப் போயிற்று. முன்பக்கம் பெரிய எழுத்தில் 'ராஜா சாம்பார் பொடி'. பின்பக்கம் முழுக்க ஒரே கதை. மராட்டியர் ஆண்ட தமிழ்நாட்டு அரண்மனை ஒன்றுக்கு சம்பாஜி என்ற இளவரசர் விருந்தாளியாக வந்தார். பருப்புக் குழம்பில் வழக்கமாகப் போடுகிற மராட்டியப் புளிப்புப் பழம் அன்றைக்குத் தீர்ந்துபோயிற்று. சமையல்காரர் நம் ஊர்ப் புளியைக் கரைத்து விட்டார். இளவரசர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். அவர் பேரையே குழம்புக்கு வைத்தார்கள். சம்பாஜி, சாம்பார். இதுதான் கதை.

இந்தக் கதை ஊரெல்லாம் உலவுகிற கதைதான், ரேடியோ கட்டியதில்லை. ஆனால் அதை அவர் பாக்கெட்டில் நீட்டி முழக்கி எழுதியதில், உள்ளே என்ன இருக்கிறது என்று போடுவதற்கு இடமில்லாமல் போயிற்று. பின்பக்கம் முழுக்க இளவரசர் உட்கார்ந்துவிட்டார், மல்லிக்கும் மிளகாய்க்கும் ஒரு வரிகூட மிச்சமில்லை. அகராதி அப்போதே சொன்னாள், இதற்கு ஆதாரம் கிடையாது, அந்தக் காலத்து ஏடு எதிலும் இப்படி எழுதியிருக்கவில்லை என்று. "அக்கா, சாப்பிடறவன் ஆதாரமா கேக்கறான், ருசியைத்தானே கேக்கறான்" என்றார் ரேடியோ. அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

முதன்முதலாக வெளிநாட்டுக் கடை ஒன்று சரக்குக் கேட்டது. நாற்பது பெட்டி சாம்பார் பொடி, பத்துப் பெட்டி பிரியாணி மசாலா. இது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. இல்லாவிட்டால் கொட்டகையைக் காலி செய்துவிட்டு, தேய்ந்த முழங்காலோடு மறுபடியும் ஆஸ்பத்திரித் தரைக்கே போக வேண்டும். தங்கை இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்பது மாதிரிச் சொன்னாள்.

ஏற்றுமதிப் படிவத்தை அரசாங்க மொழியில் நிரப்பி முத்திரை குத்தித் தரும் வேலை, வேறு யாருக்கு, அகராதிக்குத்தான். அன்று காலையிலிருந்து பதினொரு இறப்புச் சான்றிதழ் முடித்திருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் பேனாவுமாகப் படிவத்தைப் பார்த்தாள். 'பொருளின் விவரம்' என்று ஒரு கட்டம். 'அரைத்த மசாலாப் பொருள்கள்: மல்லி, மிளகாய்...' என்று பதினைந்து சொல் எழுத வேண்டிய இடம். அவள் 'சாம்பார்' என்பதை அரசாங்க மொழி எழுத்தில் ஒலியாகவே விட்டு, 'பொடி'யை மட்டும் பெயர்த்து எழுதினாள். அடுத்த வரியில் அதேபோல் 'பிரியாணிப் பொடி'. பதினேழைக் குத்தினாள். ரொட்டியை முடித்துவிட்டுப் பன்னிரண்டாவது இறப்புச் சான்றிதழை எடுத்தாள்.

எட்டாம் நாள் சுங்க அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. ஐம்பது பெட்டியும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன.

சுங்க அதிகாரி கெட்டவரில்லை, கடமைக்காரர். அவர் செய்தது இவ்வளவுதான். சாம்பார் என்றால் என்ன என்று தன் மேசையில் இருந்த தன் மொழி அகராதியைப் புரட்டினார். அதில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது: ஆசியக் காடுகளில் வாழும் பெரிய மான். நாம் கடமான் என்கிறோமே, அதற்கு வெளிநாட்டு எழுத்தில் இதே பேர்தான். காட்டு விலங்குகளைக் காக்கிற பட்டியலிலும் அது இருந்தது. மான் கொம்பைப் பொடித்து மருந்தென்று கடத்துகிறவர்களை அவர் போன வருடம்தான் பிடித்திருந்தார். படிவத்தில் மான் பொடி. பாக்கெட்டில் புரியாத எழுத்தும் ஏதோ ராஜா படமும். நாற்பது பெட்டியையும் பூட்டிவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று அகராதி ஓலையைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

மீதிப் பத்துப் பெட்டியை நிறுத்தியது வேறொருத்தி. சுங்கத்தில் உணவுப்பொருள் சோதிக்கிற பெண், தாய்மொழி பாரசீகம். அவளுடைய அப்பா ஊரில் பிரியான் என்றால் ஆட்டுக்கறியைக் கொத்தி, வறுத்து, ரொட்டி மேல் வைத்துக் கொடுப்பது. அதில் ஒரு பருக்கை சோறு கிடையாது. அதனால் பிரியாணிப் பொடி என்று பார்த்ததும் வறுத்த இறைச்சியைக் காயவைத்துப் பொடித்தது என்று எழுதிவிட்டாள். இறைச்சி என்றால் கால்நடை மருத்துவர் சான்று வேண்டும், அது எங்கே என்று ஒரு கேள்வி.

ஆக, தங்கை மல்லியும் மிளகாயும் வறுத்து அனுப்பியது அங்கே போய் ஒரு மானும் ஒரு ஆடும் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை கப்பல். அதற்குள் பதில் வராவிட்டால் சரக்கு ஆய்வகத்துக்குப் போகும். ஆய்வக வரிசை இரண்டு மாதம். வெளிநாட்டுக் கடைக்காரர் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அகராதி சுங்க அலுவலகத்துக்குப் போனாள். தங்கையை வர வேண்டாம் என்றாள். ரேடியோ வருகிறேன் என்று சட்டை மாட்டினார், அவரையும் உட்காரச் சொன்னாள். நீளமான தாழ்வாரம், பச்சை வண்ணம் உரிந்த சுவர், ஒரு கால் ஆடுகிற பெஞ்சு. அதில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் சோதிக்கிற பெண்ணிடம் விட்டார்கள். அவளோடு பேசுவது கஷ்டமாக இல்லை. சொல்லப்போனால் அந்த மாதத்திலேயே அகராதிக்கு அலுப்புத் தெரியாமல் போன அரை மணி நேரம் அதுதான். நீ சொல்வது சரி என்று ஆரம்பித்தாள். பாரசீகத்தில் பிரிஷ்தன் என்றால் வறுப்பது, வாட்டுவது. பிரியான் என்றால் வறுத்தது. பேரில் சோறே கிடையாது. அந்தச் சொல் நம் பக்கம் வந்த பிறகுதான் சோற்றோடு சேர்ந்துகொண்டது. கறியை முதலில் வறுத்ததால் அந்தப் பேரா, அரிசியை நெய்யில் வறுத்ததால் அந்தப் பேரா என்று இன்னும் சண்டை தீரவில்லை. அரிசிக்கு உங்கள் மொழியில் பிரிஞ்ச் என்று சொல்லுகிறீர்களே, அதிலிருந்துதான் பிரியாணி வந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. எங்களிடம் பிரிஞ்சி என்று தனியாகவே ஒரு சோறு இருக்கிறது, பிரிஞ்ச் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

அந்தப் பெண் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள். "அப்ப எங்க ஊர்ல சோறு காணாம போகலை, உங்க ஊர்லதான் வந்து சேர்ந்திருக்கு" என்றாள். ஆமாம் என்றாள் அகராதி. இந்தப் பெட்டிக்குள் கறியும் இல்லை, சோறும் இல்லை, வாசனைச் சரக்கு மட்டும்தான் என்று சொல்லி, பிரிஞ்சி இலை ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அந்தப் பெண் ஒரு பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்தாள். பிரியாணி என்ற சொல் அரசாங்க மொழி அகராதியில் 'மசாலா சேர்த்த சோறு' என்று ஏற்கெனவே இருந்தது. அதனால் அதை அப்படியே எழுதியதில் குற்றமில்லை என்று குறித்து, பத்துப் பெட்டியையும் விடுவித்தாள். இலையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மான்தான் மசியவில்லை. அதிகாரி பேச்சுக்கு இடமே வைக்காமல் ஒரு படிவத்தை நீட்டினார். திருத்தப் படிவம். அதில் இரண்டே கட்டம். 'பொருளை அனுப்பியவர் தவறாக அறிவித்தார்' என்று ஒன்று. 'மொழிபெயர்ப்பாளர் தவறாக மொழிபெயர்த்தார்' என்று இன்னொன்று. முதல் கட்டத்தில் குறி போட்டால் அனுப்பியவர் பொய் சொன்னதாக ஆகும். சரக்கு ஆய்வகத்துக்குப் போகும், பேர் கறுப்புப் பட்டியலுக்குப் போகும். இரண்டாவதில் போட்டால் சரக்கு அன்றைக்கே விடுதலை. ஆனால் சும்மா தவறு என்றால் போதாது, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது, எதை எழுதியிருக்க வேண்டும் என்று ஆதாரத்தோடு எழுதி முத்திரை குத்த வேண்டும். ஒரு நகல் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குப் போகும். அதிகாரி இதை மரியாதையாகத்தான் சொன்னார், தண்ணீர்கூடக் கொடுத்தார்.

படிவத்தை எடுத்துக்கொண்டு அகராதி அலுவலகத்துக்கு வந்தாள். சுவரில் விதிப் பலகை தொங்கியது. 'ஆள் பெயர், ஊர்ப் பெயர், அவற்றிலிருந்து பிறந்த பெயர் ஆகியவற்றை மொழிபெயர்க்கக் கூடாது, ஒலியை மட்டும் எழுத வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பொருள்படப் பெயர்க்க வேண்டும். மீறி, அதனால் அரசு அலுவலகத்தில் முடக்கம் ஏற்பட்டால் முத்திரை திரும்பப் பெறப்படும்.' யாரோ ஒரு பெண்ணின் பேரை 'தங்கக் கொடி' என்று மொழிபெயர்த்து அவள் கல்யாணமே நின்றுபோன பிறகு, பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அந்த விதியை எழுதியவளும் நம் அகராதிதான்.

மேலாளர் வயதில் சின்னவள், அகராதியிடம் வேலை கற்றுக்கொண்டவள். அவள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இதுலயே போட்டிருக்கே. இளவரசர் பேர்லேர்ந்து வந்ததுன்னு. ஆள் பேர்லேர்ந்து வந்த பேரை மொழிபெயர்க்கக் கூடாதுங்கறது நம்ம விதி. நீங்க செஞ்சது சரி. அப்படியே எழுதிக் குடுத்துடுங்க, உங்க மேல ஒண்ணும் வராது."

"அப்ப குத்தம் யார் மேல போகும்?"

மேலாளர் பாக்கெட்டைக் கீழே வைத்தாள். சாம்பார் ஒரு மனிதரின் பேர் என்றால் அகராதி விதிப்படி நடந்தவள், முத்திரைக்கு ஒரு கீறல் விழாது, ஆனால் மொழிபெயர்ப்பில் தவறில்லை என்றாகி, பழி முழுக்கத் தங்கை தலையில் விழும். சாம்பார் ஒரு சாதாரணச் சொல், அதற்கு ஒரு பொருள் உண்டு என்றால் அதைப் பெயர்க்காமல் விட்டது அகராதியின் குற்றம், பெட்டிகள் தப்பும், பதினேழு போகும். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. முத்திரை இல்லாத மொழிபெயர்ப்பாளரை யார் வைத்துக்கொள்வார்கள்?

அவள் தன் மேசைக்குப் போனாள். உண்மை என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை, அதுதான் கொடுமை. படிவத்தை நிரப்பிய அன்றைக்கும் தெரியும். தெரியாமல் எழுதியிருந்தால் மனம் ஆறியிருக்கும். தெரிந்தும், பதினைந்து சொல் எழுதக் கை வலித்து, இரண்டே சொல்லில் முடித்துவிட்டாள். சொற்களுக்கெல்லாம் வக்காலத்து வாங்கித் திரிந்தவள், தங்கைக்காக ஒரே ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதச் சோம்பிவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போல இருந்தது, ஆனால் அழுவதற்கும் அசதியாக இருந்தது. எதற்கு இந்த ஓட்டம், இளவரசர் என்றே எழுதிவிட்டால் என்ன, ஊரே நம்புகிறதே என்று ஒரு மணி நேரம் பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். இதை நான் மறைக்கப் போவதில்லை. நம்மில் யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்போம்.

பிறகு அலமாரியைத் திறந்தாள். பழைய தமிழ் அகராதியை எடுத்துச் 'சம்பாரம்' என்ற சொல்லைப் பிரித்தாள். கறிக்கு இடுகிற மசாலைச் சரக்கு என்று பொருள் போட்டிருந்தது. அங்கிருந்து எழுதத் தொடங்கினாள். சம்பாரம் என்பது வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. 'ஒன்றாகக் கொண்டு சேர்ப்பது' என்று வேர்ப்பொருள். ஒரு காரியத்துக்காகத் திரட்டிவைத்த சாமான்கள், பிறகு சமையலுக்குத் திரட்டிவைத்த சரக்குகள். அக்கம்பக்கத்து மொழிகளைக் கேட்டாலும் இதே சாட்சி. கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தச் சொல் மசாலாச் சரக்கைக் குறிக்கிறது. மலையாளத்தில் இஞ்சியும் மிளகாயும் தட்டிப்போட்ட மோருக்குச் சம்பாரம் என்று பேர். ஏறக்குறைய ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய கோயில் கல்வெட்டு ஒன்றில், படையலுக்கு வேண்டியவற்றைச் சொல்லும் இடத்தில் நெய்யோடு சேர்த்துப் 'பலசம்பாரம்' என்றும் வெட்டியிருக்கிறது. மராட்டியர் தமிழ்நாட்டில் ஆட்சிக்கு வந்தது அதற்கு நூற்றைம்பது வருடம் கழித்துத்தான். இளவரசர் பிறப்பதற்கு முன்பே சொல் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் அவள் கை நின்றது. கல்வெட்டில் இருப்பது சரக்குதான், இன்று நாம் ஊற்றிச் சாப்பிடுகிற குழம்பு அன்றே இருந்தது என்று அது சொல்லவில்லை. சம்பாரம் எந்த வருடம், எந்த வாயில் சாம்பார் ஆனது என்பதற்கும் ஏடு கிடையாது. அப்படியே அதையும் எழுதினாள். தெரிந்ததை மட்டும் தெரியும் என்றும், மற்றதை ஊகம் என்றும் பிரித்தாள். பாக்கெட்டில் உள்ள இளவரசர் கதைக்குச் சமகால ஆதாரம் இல்லை, அது வாய்மொழிக் கதை, அனுப்பியவர் நல்லெண்ணத்தில் அச்சிட்டது என்று ஒரு வரி சேர்த்தாள். மானின் பேர் வேறொரு வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது, இரண்டும் அந்நிய எழுத்தில் மட்டும்தான் ஒன்றுபோல் தெரிகின்றன, ரத்த உறவு கிடையாது என்று முடித்தாள். கடைசியில், 'எனவே இச்சொல் ஆள் பெயர் அன்று. அரைத்த மசாலாச் சரக்குகள் என்று நான் பெயர்த்திருக்க வேண்டும். பெயர்க்கவில்லை. தவறு என்னுடையது' என்று எழுதினாள். இரண்டாவது கட்டத்தில் குறி போட்டு, பதினேழைக் குத்தினாள்.

வியாழன் மதியம் அதிகாரி முழுவதும் படித்தார், இரண்டாவது முறையும் படித்தார். படிவத்தில் மானை அடித்துவிட்டு, 'அரைத்த மசாலா' என்று எழுதி, நாற்பது பெட்டிக்கும் விடுதலைச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். உள்ளடக்கம் அச்சிட்ட சீட்டு ஒன்றை ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டச் சொன்னார், ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்பிவிட்டது.

அதே வெள்ளிக்கிழமை காலையில் நகல் அலுவலகத்துக்கு வந்தது. மேலாளர் கண் கலங்கி நின்றாள். அகராதி தானாகவே இழுப்பறையைத் திறந்து, முத்திரையில் ஒட்டியிருந்த மையைத் துடைத்து அவள் கையில் கொடுத்தாள். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்பதை மேலாளரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அந்தப் பொறுப்பையும் இவளே எடுத்துக்கொண்டு, "சரிம்மா, நான் வரலை" என்றாள். அகராதிகளை எடுத்துப்போகப் பிறகு ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டில் சாப்பாடு. அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். ரேடியோ முழு ஒலியில் இருந்தார்.

"அந்த ஆபீசர் பாக்கெட்டைத் திருப்பிப் பாத்தான். இளவரசர் கதையைப் படிச்சான். அவ்ளோதான், நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டான். ராஜா வீட்டுச் சரக்கையா நிறுத்தி வெச்சோம்னு கையெல்லாம் நடுங்குது அவனுக்கு. உடனே விட்டுட்டான். அக்கா கூட இருந்தாங்க, கேளுங்க வேணா."

எல்லோரும் அகராதி பக்கம் திரும்பினார்கள். அந்த அதிகாரிக்குத் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. அவர் எழுந்து நின்றது தண்ணீர் எடுத்துக் கொடுக்க. இந்தக் கதையை ரேடியோ இன்னும் பத்து வீட்டில் சொல்வார், அந்தப் பத்து வீடு நூறு வீட்டில் சொல்லும், ஐம்பது வருடம் கழித்து ஏதோ ஒரு பாக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சாகவும் செய்யும். சொல்ல வேண்டிய திருத்தங்கள் எல்லாம் அவள் நாக்கு நுனி வரை வந்தன.

"ஆமா, எழுந்துதான் நின்னார்" என்றாள்.

வந்தவர்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். ரேடியோவின் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. வெளிநாட்டுக் கடை அடுத்த மாதத்துக்கு அறுபது பெட்டி கேட்டிருக்கிறதாம். தங்கை கைகழுவப் போனவள், ஈரக் கையோடு ஒரு புதுப் படிவத்தை எடுத்துவந்து அக்காவின் தட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

"இதையும் நிரப்பி உன் முத்திரையைக் குத்திக் குடுத்துடு. இந்தத் தடவை உள்ள இருக்கறது எல்லாத்தையும் எழுதிடலாம், நான் சொல்றேன்."

அகராதி படிவத்தைப் பார்த்தாள், தங்கையின் முகத்தைப் பார்த்தாள். நாலு பேர் இருந்தார்கள், ரேடியோ அடுத்த கதைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். முத்திரை போனதைச் சொன்னால் ஏன் போனது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் இளவரசரை எழுந்து போகச் சொல்ல வேண்டும், தங்கையோ தன்னால்தானே என்று காலத்துக்கும் நொந்துகொண்டு கிடப்பாள்.

"வேற ஆளைப் பாத்துக்கம்மா" என்றாள்.

தங்கையின் முகம் சுருங்கிவிட்டது. படிவத்தை எடுத்து நாலாக மடித்தாள்.

"கூடப் பிறந்தவளுக்கு ரெண்டாவது தடவை எழுதறதுக்குள்ள சலிச்சுப் போச்சா உனக்கு?"

"சலிச்சுத்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு, தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.